முதன்முறை வாங்குபவருக்கு விளங்கும்படி பணம் செலுத்தும் பக்கத்தைத் திருத்தி எழுதுவது

கேள்வி: சின்னாளப்பட்டியில் சேலை விற்கும் சிறிய கடை எங்களுடையது. இணையதளத்தில் பணம் செலுத்துவது பற்றி ஒரு கேள்வி-பதில் பக்கம் வைத்திருக்கிறோம். ஆனாலும் முதன்முறையாக இணையத்தில் வாங்குகிறவர்கள் அதைப் படித்த பிறகும் ஃபோன் செய்கிறார்கள். எதில் பணம் கட்டலாம், கூடுதலாக எவ்வளவு பிடிப்பீர்கள், ரசீது எங்கே, பணம் போய்விட்டது ஆனால் ஆர்டர் வரவில்லையே என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தை எப்படி மாற்றி எழுதலாம்?

பதில்:

சிறு கடைகளின் தளங்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் பேமென்ட் கேட்வே நிறுவனம் தந்த மாதிரி வாசகத்தைத் தழுவியே இருக்கும். "அனைத்து முன்னணி டெபிட், கிரெடிட் கார்டுகள், நெட் பேங்கிங், யு.பி.ஐ. ஏற்கப்படும். பரிவர்த்தனை தோல்வியுற்றால் தொகை 5 முதல் 7 வேலை நாட்களில் வரவு வைக்கப்படும்" என்று அது சொல்லும். பலமுறை வாங்கிப் பழகியவருக்கு இது போதும், ஏனென்றால் மீதியை அவர் அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார். முதன்முறை வாங்குபவருக்கு அந்த அனுபவம் இல்லை. அவர் அறிய விரும்புவது மூன்றே செய்திகள்: என் பணம் இப்போது யாரிடம் இருக்கிறது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் அது நடக்கும். பக்கத்திலுள்ள ஒவ்வொரு பதிலையும் இந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதையும் சொல்லாத வாக்கியத்தை நீக்கிவிடலாம்.

வரிசையையும் மாற்றுங்கள். ஏற்கும் முறைகள் முதலில், கட்டணம் அடுத்து, தோல்வி கடைசியில் என்பது வழக்கமான அடுக்கு. ஆனால் இந்தப் பக்கத்தைப் பதற்றத்தோடு திறப்பவர், பணம் போய்விட்டதென்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்து, திரையில் சேலைக்கான உறுதி வராதவர்தான். அவர் கைபேசியில் நான்கு திரை தள்ளித் தேட வேண்டியதில்லை. "பணம் போய்விட்டது, ஆர்டர் எண் வரவில்லை" என்ற கேள்வி அவர் சொல்லும் அதே சொற்களில் முதல் இடத்தில் இருக்கட்டும். "தோல்வியுற்ற பரிவர்த்தனைகள்" என்று தலைப்பிட்டால், அது தன்னைப் பற்றியதுதான் என்று அவருக்குத் தெரியாது.

அந்தப் பதிலைச் சரியாக எழுத, உள்ளே நடப்பதை நீங்கள் முதலில் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். யு.பி.ஐ.யில் கட்டும்போது பணம் வாங்குபவரின் வங்கியிலிருந்து தேசியப் பணம் செலுத்துதல் கழகத்தின் வழியாக, உங்களுக்காகப் பணம் வசூலிக்கும் கேட்வே நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது. "பணம் வந்துவிட்டது" என்ற செய்தி அங்கிருந்து தனியாக உங்கள் தளத்துக்கு வருகிறது. பணமும் செய்தியும் வேறு வேறு நேரத்தில் வந்து சேரலாம், இரண்டில் ஒன்று வழியில் நிற்கவும் செய்யலாம். ஆகவே வாங்குபவருக்கு ஒன்றுபோலவே தோன்றும் "பணம் போனது, ஆர்டர் இல்லை" என்ற நிலைக்குள் இரண்டு வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன.

முதல் நிலையில் பணம் வாங்குபவரின் கணக்கிலிருந்து கழிந்திருக்கும், ஆனால் வணிகர் பக்கத்துக்கு உறுதி வந்திருக்காது. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை காலக்கெடு வைத்திருக்கிறது. யு.பி.ஐ. வழியாக வணிகருக்குக் கட்டிய பணமானாலும், இணையத்தில் கார்டால் கட்டிய பணமானாலும், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். இவை காலண்டர் நாட்கள். ஞாயிறும் விடுமுறையும் இதில் அடக்கம். எனவே "5 முதல் 7 வேலை நாட்கள்" என்று உங்கள் பக்கம் இந்த நிலைக்குச் சொன்னால், வாங்குபவருக்கு உள்ள உரிமையைவிடக் குறைவாகச் சொல்கிறீர்கள்.

இரண்டாம் நிலைதான் சிக்கலானது, பெரும்பாலான பக்கங்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. பணம் கேட்வே நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் தாமதமாகச் சேர்ந்தது. அதற்குள் உங்கள் தளம் காத்திருந்து, நேரம் முடிந்து, ஆர்டரை ரத்து செய்துவிட்டது. வங்கியின் கணக்கில் இது வெற்றிகரமாக முடிந்த பரிவர்த்தனை, ஆகவே வங்கி எதையும் தானாகத் திருப்பாது. இந்த நிலையில் "உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று உங்கள் பக்கம் சொன்னால், வங்கி "கடைக்குப் போய்விட்டது, அவர்களைக் கேளுங்கள்" என்று சொல்லும். வாங்குபவர் இருவருக்கும் நடுவில் அலைவார். இங்கே செயல்பட வேண்டியவர் நீங்கள்தான்: ஆர்டரை உயிர்ப்பித்துச் சேலையை அனுப்ப வேண்டும், அல்லது கேட்வே பக்கத்திலிருந்து பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். இவ்வாறு தாமதமாக வந்து, ஆர்டரோடு சேராத பணத்தைச் சில நாட்களில் தானாகத் திருப்பும் வசதி பல கேட்வேக்களில் உண்டு. உங்கள் அமைப்பில் அது இயங்குகிறதா, எத்தனை நாளுக்கு என்று வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே பக்கத்தில் நாள் கணக்கை எழுதுங்கள்.

எந்த நிலை என்று கண்டறியும் வேலையை வாங்குபவர் தலையில் வைக்கக் கூடாது, அவரால் அது முடியாது. அவர் தரவேண்டியது ஒரே எண், பார்க்க வேண்டியவர் நீங்கள். யு.பி.ஐ.யில் அந்த எண் 12 இலக்கம் கொண்டது. செயலியைப் பொறுத்து `UPI transaction ID` என்றோ `UTR` என்றோ திரையில் தெரியும். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் சொல்லைப் பக்கத்திலும் அப்படியே காட்டுங்கள். "பரிவர்த்தனைக் குறியீட்டு எண்" என்று மொழிபெயர்த்து வைத்தால் அவர் திரையில் தேடி ஏமாறுவார். `Pending`, `Processing`, `Failed` போன்ற நிலைச் சொற்களுக்கும் இதே முறையைக் கையாளுங்கள்: சொல்லை அப்படியே காட்டி, பக்கத்தில் தமிழில் பொருள் சொல்லுங்கள்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு முழுவதும் எழுதிக் காட்டுகிறேன். மார்ச் 3 இரவு 9 மணிக்கு ஒருவர் 2,350 ரூபாய்ச் சேலைக்கும் 80 ரூபாய் அனுப்பும் செலவுக்குமாக 2,430 ரூபாய் கட்டுகிறார். வங்கிக் குறுஞ்செய்தி வந்துவிட்டது, தளத்தில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அவருக்கான பதில் ஏறத்தாழ இவ்வாறு இருக்கலாம்:

"மீண்டும் பணம் கட்ட வேண்டாம். உங்கள் பணம் உங்கள் வங்கிக்கும் எங்களுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது, தொலைந்துவிடவில்லை. முதலில் உங்கள் யு.பி.ஐ. செயலியில் இந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள். `Failed` என்று இருந்தால், கழிந்த பணம் 5 நாட்களுக்குள் அதே கணக்குக்குத் தானாகத் திரும்பும். எடுத்துக்காட்டாக மார்ச் 3 அன்று கட்டியது மார்ச் 8க்குள் வர வேண்டும். `Pending` என்றோ வெற்றி என்றோ இருந்தால், அங்குள்ள 12 இலக்க எண்ணையும் தொகையையும் கீழே உள்ள வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். காலை 10 முதல் மாலை 6 வரை அனுப்பினால் 2 மணி நேரத்திலும், இரவில் அனுப்பினால் மறுநாள் காலை 11 மணிக்குள்ளும் பார்த்துப் பதில் சொல்வோம். நீங்கள் தேர்ந்தெடுத்த சேலையை மறுநாள் மாலை வரை வேறு யாருக்கும் விற்க மாட்டோம். பணம் எங்களுக்கு வந்திருந்தால் சேலையை அனுப்புவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை உங்களிடம் கேட்டே செய்வோம்."

இதில் "விற்க மாட்டோம்" என்ற வாக்கியத்தை நான் பெரிதும் வலியுறுத்துவேன். கைத்தறியில் ஒரு நிறமும் கரையும் பல நேரம் ஒரே ஒரு சேலையில்தான் இருக்கும் என்பது வாங்குபவருக்குத் தெரியும். அது கைநழுவிவிடுமோ என்ற அச்சத்தில்தான் பலர் இரண்டாம் முறை கட்டிவிடுகிறார்கள். பிறகு இரண்டு பணமும் வந்து சேர்ந்து, ஒன்றைத் திருப்பும் வேலை உங்களுக்கு வருகிறது. கட்ட வேண்டாம் என்று தடுப்பதோடு, கட்டாமல் இருந்தால் ஒன்றும் இழக்க மாட்டார் என்ற உறுதியையும் சேர்த்துத் தர வேண்டும். அந்த உறுதியைத் தர, ஆர்டர் தடைப்பட்டாலும் அந்தச் சேலையைப் பிடித்துவைக்கும்படி தளத்தை அமைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். நேரங்களும் அப்படித்தான், உங்களால் காப்பாற்ற முடிகிற நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

தொடர்பு எண் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்க வேண்டும், "எங்களைத் தொடர்புகொள்ள" என்ற வேறொரு பக்கத்துக்கு இணைப்பாக இருக்கக் கூடாது. காரணம், பதறியவர் அடுத்து செய்வது கூகுளில் உங்கள் கடையின் பெயரைப் போட்டு வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுவது. அங்கே மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைப் போட்டு வைத்திருப்பதுண்டு. பணத்தைத் திருப்புகிறேன் என்று சொல்லி ஒரு க்யூ.ஆர். குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்வார்கள். யு.பி.ஐ.யில் பின் எண்ணைப் போட்டால் பணம் வெளியே போகும். பணம் பெற அந்தப் பின் எண் தேவையே இல்லை. இந்த ஒரு செய்தியைப் பதிலின் இறுதியில் அழுத்தமான எழுத்தில் வையுங்கள்: "பணத்தைத் திருப்பித் தர நாங்கள் எந்த லிங்க்கையும் க்யூ.ஆர். குறியீட்டையும் அனுப்ப மாட்டோம். ஓ.டி.பி., பின் எண், கார்டின் பின்புறமுள்ள 3 இலக்க எண் ஆகியவற்றைக் கேட்க மாட்டோம். யாராவது கேட்டுப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்." இது மத்திய அரசின் இணையக் குற்ற உதவி எண். அழைப்பு எவ்வளவு விரைவாகப் போகிறதோ, பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடுதல்.

இனி ஏற்கும் முறைகள். கார்டு நிறுவனங்களின் சின்னங்களை வரிசையாக அடுக்குவதால் முதன்முறை வாங்குபவருக்குப் பயன் குறைவு. ஒவ்வொரு முறைக்கும் கையில் என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். யு.பி.ஐ. என்றால் வங்கிக் கணக்கோடு இணைந்த செயலியும் பின் எண்ணும் வேண்டும். கைபேசியில் வாங்கினால் செயலி தானே திறக்கும், கணினியில் வாங்கினால் திரையில் வரும் க்யூ.ஆர். குறியீட்டைக் கைபேசியால் ஸ்கேன் செய்ய வேண்டும். டெபிட் கார்டு என்றால் கார்டு மட்டும் போதாது, வங்கியில் பதிவான கைபேசி எண்ணும் அருகில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். அப்பாவின் கார்டில் மகள் வாங்கும் வீடுகளில் அந்த எண் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போயிருக்கும். ஓ.டி.பி. வரவில்லை என்ற அழைப்புகளில் சில இதனால்தான் வருகின்றன.

டெபிட் கார்டு விஷயத்தில் இன்னொன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு உத்தரவுப்படி புதிதாகத் தரப்படும் கார்டுகள் ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும் நிலையில் வருகின்றன. இணையத்தில் ஒருமுறையும் பயன்படுத்தாத பழைய கார்டுகளிலும் இணையப் பயன்பாட்டை வங்கிகள் அடைத்துவிட்டன. அதாவது முதன்முறை வாங்குபவரின் கார்டு, அவர் முதன்முறை வாங்குபவர் என்பதாலேயே மறுக்கப்படும் வாய்ப்பு மிகுதி. கணக்கில் பணம் இருக்கிறது, எண்ணும் சரி, ஆனால் மறுக்கப்படுகிறது. அவர் உங்கள் தளத்தில்தான் கோளாறு என்று நினைப்பார். எனவே "கார்டு மறுக்கப்பட்டது, பணம் கழியவில்லை" என்ற கேள்வியைத் தனியாக வைத்து, "உங்கள் வங்கியின் செயலியில் கார்டு பகுதியைத் திறந்து இணையப் பயன்பாட்டை இயக்குங்கள், செயலி இல்லையென்றால் வங்கியின் ஏ.டி.எம்.மிலோ கிளையிலோ செய்துகொள்ளலாம். அதுவரை யு.பி.ஐ.யில் கட்டலாம்" என்று பதில் எழுதுங்கள். செயலியில் அந்தப் பொத்தானின் பெயர் வங்கிக்கு வங்கி மாறும், ஆகவே அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டாம்.

யு.பி.ஐ.யிலும் இதுபோன்ற தொடக்கத் தடை உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் என்ற அளவுதான் பொதுவாக அனுமதி. 6,800 ரூபாய்ப் பட்டுச் சேலை வாங்குவதற்காகவே அன்று யு.பி.ஐ. தொடங்கியவருக்குப் பணம் போகாது. "இன்றுதான் தொடங்கினீர்களானால் நாளை இதே நேரத்துக்குப் பிறகு முயலுங்கள்" என்ற ஒரு வரி போதும். மேலும், ஏற்காதவற்றையும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு வங்கிக் கார்டுகளை உங்கள் கேட்வே ஏற்காதென்றால், சிங்கப்பூரிலிருக்கும் மகள் தாய்க்குச் சேலை வாங்க முயலும்போதுதான் அது தெரியவரும். பக்கத்தில் இருந்தால் அவர் முன்பே வேறு வழி பார்ப்பார்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, "கூடுதல் கட்டணங்கள் பொருந்தலாம்" என்ற வாக்கியம் நீங்க வேண்டும். முழுக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்: சேலை 2,350, அனுப்பும் செலவு 80, மொத்தம் 2,430, யு.பி.ஐ.யிலோ கார்டிலோ நெட் பேங்கிங்கிலோ கட்டினால் இதற்கு மேல் நாங்கள் எதுவும் வாங்குவதில்லை. வீட்டில் பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தருவதென்றால் கூடுதலாக 50, ஆக 2,480. விலையில் ஜி.எஸ்.டி. அடங்கியிருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். அந்த 50 ரூபாய் எதற்கு என்பதையும், சேலையைத் திருப்பிக் கொடுத்தால் 80, 50 இரண்டில் எது திரும்பும், எது திரும்பாது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். திரும்பாது என்று முன்பே படித்தவர் கோபப்படுவதில்லை, பணம் கழிந்த பிறகு அறிபவர்தான் சண்டைக்கு வருகிறார். சட்டமும் இதைக் கேட்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் மொத்த விலையையும் அதன் பிரிவுகளையும் காட்டச் சொல்கின்றன. தொடக்கத்தில் ஒரு விலையைக் காட்டிக் கடைசித் திரையில் கூட்டுவதையும், கேட்காமலே ஒரு பொருளையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பதையும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. கேட்வே நிறுவனம் உங்களிடம் பிடிக்கும் கட்டணத்தைப் பற்றி மட்டும் இங்கே பேச வேண்டாம்; அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள கணக்கு.

ரசீது என்ற ஒரே சொல்லால் வாங்குபவர் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறார், பக்கம் அவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, கணக்கிலிருந்து பணம் கழிந்ததற்கு மட்டுமே சான்று. உங்களிடமிருந்து ஆர்டர் எண்ணோடு வரும் செய்தி, பணம் உங்களுக்குக் கிடைத்ததற்குச் சான்று. ஜி.எஸ்.டி. விவரங்களோடு கூடிய பில், பொருள் விற்கப்பட்டதற்குச் சான்று. சேலையை மாற்றவும் திருப்பவும் அதுதான் வேண்டும். எது எப்போது, எந்த வழியில் வரும் என்பதை எழுதுங்கள்: ஆர்டர் எண் பணம் வந்த சில நிமிடங்களில் குறுஞ்செய்தியாக, பில் சேலையை அனுப்பும் நாளில் வாட்ஸ்அப்பிலும் பெட்டிக்குள் தாளாகவும் என்பதுபோல. மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள். கைபேசி வாங்கும்போது கடைக்காரர் திறந்து கொடுத்த மின்னஞ்சல் முகவரியை அதன் பிறகு ஒருமுறையும் திறக்காதவர்கள் நிறையப் பேர். கைபேசி எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டால் ஒன்றுமே வராது. அப்போது பணம் கட்டிய 12 இலக்க எண்ணைக் கொண்டு ஆர்டரைக் கண்டுபிடித்துத் தருவோம் என்று ஒரு வரி சேருங்கள்.

பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய பதில் சிறிதாக இருக்கலாம். எந்த வழியில் கட்டினாரோ அதே வழியில்தான் திரும்பும் என்பதைச் சொல்லுங்கள். வாங்குபவர் ஒப்புக்கொண்டாலொழிய வேறு வழியில் திருப்பக் கூடாதென்பது ரிசர்வ் வங்கியின் நெறி. நீங்கள் திருப்பி அனுப்பிய நாளும், அது அவர் கணக்கில் சேரும் நாளும் ஒன்றல்ல. "நாங்கள் அனுப்பிய அன்றே அதற்கான எண்ணை உங்களுக்கு அனுப்புவோம், கார்டில் சேர 5 முதல் 7 வேலை நாட்கள் ஆகலாம், சேராவிட்டால் அந்த எண்ணை உங்கள் வங்கியில் காட்டுங்கள்" என்று எழுதினால், மாதிரி வாசகத்திலிருந்த அந்த நாள் கணக்கு உரிய இடத்துக்கு வந்துவிடும். பொருளைப் பெற்றுப் பணமாகத் தந்தவருக்கு எப்படித் திருப்புவீர்கள், அதற்கு அவரிடம் கணக்கு எண் கேட்பீர்களா, யு.பி.ஐ. முகவரி கேட்பீர்களா என்பதும் இங்கே வர வேண்டும்.

வங்கி பக்கம் தவறி, 5 நாட்களுக்குப் பிறகும் பணம் திரும்பாதவருக்கு அடுத்த படியையும் காட்டுங்கள். முதலில் அவர் தம் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்க வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அவர் புகாரோடு இணைப்பதற்காக, "இந்த எண்ணுள்ள பணம் எங்களுக்கு வரவில்லை" என்று நீங்கள் ஒரு கடிதம் தருவதாகப் பக்கத்திலேயே சொல்லுங்கள். வங்கிக்கு முன்னால் தனியாக நிற்பவருக்கு அந்தக் கடிதம் பெரிய துணை, உங்களுக்கு அதை எழுத ஐந்து நிமிடம்தான் ஆகும்.

எழுதி முடித்ததும், இணையத்தில் இதுவரை எதுவும் வாங்காத ஒருவரிடம் கைபேசியில் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். "2,430 கட்டினீர்கள், பணம் போய்விட்டது, ஆர்டர் எண் இல்லை, இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு, விளக்கம் சொல்லாமல் பக்கத்திலிருந்து பாருங்கள். மீண்டும் கட்டப் போனால் முதல் வாக்கியம் இன்னும் மேலே வர வேண்டும். 12 இலக்க எண்ணைத் தேடித் தடுமாறினால், அது இருக்கும் திரையின் படத்தை, கணக்கு விவரங்களை மறைத்து, பதிலில் சேர்க்க வேண்டும். அனுப்பும் செலவு மாறும் ஒவ்வொரு முறையும் கணக்குக் காட்டிய இடங்கள் எல்லாவற்றையும் திருத்தி, பக்கத்தின் தலையில் திருத்திய தேதியை இடுங்கள்.